மிகை என்றால் எதைவிட மிகை? 1964 கிளாக்டனும் 2013 குண்டர் கும்பல் பட்டியலும்

செந்தூல் மாணவி
3 மார்ச் 2024, இரவு 9.40

குற்றவியல் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். இளையோர் குற்றத்தை ஊடகங்கள் எப்படிப் பெரிதாக்குகின்றன, அது எப்படி ஒழுக்கப் பீதியாக, அதாவது ஒரு பிரிவினரைச் சமூகத்துக்கே ஆபத்து என்று எண்ணும் மிகையான அச்சமாக, மாறுகிறது என்பது தலைப்பு. சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் வெளியிட்ட நூலை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். இங்கிலாந்தின் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் 1964 ஈஸ்டர் விடுமுறையின்போது இளைஞர்கள் மோதிக்கொண்டதையும் அதன்பின் நாடே பதறியதையும் அவர் ஆராய்கிறார். அதற்கு இணையாக, 2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டதையும், அதன்பிறகு நம் பையன்கள்மேல் விழுந்த சந்தேகத்தையும் காட்டி, இரண்டும் ஒரே வகை என்று எழுதினேன்.

மேற்பார்வையாளர் என் வரைவின் ஓரத்தில் ஒரு கேள்வியை மட்டும் எழுதித் திருப்பித் தந்தார்: “மிகை என்கிறாய். எதைவிட மிகை?” நான்கு பக்கம் எழுதியும் அந்தக் கேள்விக்கு உள்ளே பதில் இல்லை. இங்கே இதைப் படித்தவர்களும் செய்தித் துறையில் இருந்தவர்களும் இருக்கிறீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

கெப்போங்காரன்
3 மார்ச் 2024, இரவு 10.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கிளாக்டனில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதுதான் கோஹனின் வாதம். மோட்ஸ், ராக்கர்ஸ் என்று இரண்டு பரம்பரை எதிரிக் கும்பல்கள் இருந்தன, அவை வழக்கம்போல் சண்டையிட்டன, பத்திரிகைகள் அதை வைத்துக் காசு பார்த்தன. நம் நாட்டிலும் அதுவேதான் நடந்தது. ஊடகங்கள் கட்டிய கதை என்று துணிந்து எழுதுங்கள்.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
4 மார்ச் 2024, காலை 6.50

கெப்போங் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதியைத் திருத்தாவிட்டால் மாணவியின் கட்டுரை அங்கேயே சரிந்துவிடும்.

கிளாக்டனில் எதுவும் நடக்கவில்லை என்று கோஹன் எங்கும் சொல்லவில்லை. அந்த ஈஸ்டர் ஞாயிறு எண்பது ஆண்டுகளில் காணாத குளிராகவும் மழையாகவும் இருந்தது. வியாபாரம் இல்லாததால் கடைக்காரர்கள் எரிச்சலில் இருந்தார்கள். லண்டனின் கிழக்குப் பகுதியிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த இளைஞர்களுக்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. சில காப்பிக் கடைகளில் அவர்களுக்குப் பரிமாற மறுத்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. நடைபாதையில் தள்ளுமுள்ளு மூண்டது, கற்கள் பறந்தன, ஸ்கூட்டர்களும் மோட்டார் சைக்கிள்களும் தெருவில் இரைந்து திரிந்தன, சன்னல்கள் உடைந்தன, சில கடற்கரைக் குடில்கள் சேதமடைந்தன, ஒரு பையன் ஓட்டப் பந்தயத் தொடக்கத்துக்குப் பயன்படும் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டான். 97 பேர் கைதானார்கள். மொத்தச் சேதம் 513 பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. அத்தனையும் உண்மையாகவே நடந்தவை.

“பரம்பரை எதிரிகள்” என்பதும் சரியில்லை. உடையையும் வாழ்க்கைப் பாணியையும் ஒட்டிய அந்தப் பிரிவு அப்போது முழுமையாக உருவாகியிருக்கவில்லை. கடற்கரையில் இருந்தவை பெரும்பாலும் கட்டுக்கோப்பில்லாத கூட்டங்கள். அவற்றுக்குள் இன்ன பகுதிப் பையன்கள் என்ற அளவில் சிறு சிறு குழுக்கள் இருந்தன, அவ்வளவே. இரண்டு அணிகள் என்ற பிரிவு பத்திரிகைகள் எழுதத் தொடங்கிய பிறகுதான் இறுகியது. அடுத்த விடுமுறைக்குக் கடற்கரைக்கு வந்தவன் தான் எந்த அணி என்று தெரிந்துகொண்டு வந்தான். உங்கள் கட்டுரைக்கு மிக முக்கியமான இடம் இதுதான், ஏனெனில் பெருக்கம் என்பது செய்தித்தாளின் எழுத்துருவோடு நின்றுவிடவில்லை, கடற்கரையில் நின்றவனின் நடத்தைக்குள்ளேயும் புகுந்தது.

இப்போது உங்கள் மேற்பார்வையாளரின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் டெய்லி டெலிகிராஃப் ஸ்கூட்டர் கூட்டங்களின் பயங்கர நாள் என்று தலைப்பிட்டது. ஆனால் நீதிமன்றத்துக்குப் போன குற்றச்சாட்டுகளில் அரைப் பைன்ட் பெட்ரோல் திருடியதும் ஏழு பென்ஸ் ஐஸ்கிரீமுக்குக் காசு கொடுக்காமல் ஏமாற்றியதும் இருந்தன. ஒரு பக்கத்தில் தலைப்பு, மறுபக்கத்தில் குற்றப்பத்திரிகையும் சேத மதிப்பீடும். மிகை என்று கோஹன் சொன்னபோது இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார். உங்கள் வரைவில் முதல் பக்கம் மட்டும் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

செந்தூல் மாணவி
4 மார்ச் 2024, இரவு 11.05

ஆம் ஐயா, நான் தலைப்புகளை மட்டுமே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு செய்திக்குள்ளேயே மிகை எந்த வழியில் நுழைகிறது என்று காட்ட முடியுமா? “பரபரப்பாக எழுதினார்கள்” என்று எழுதினால் அது என் அபிப்பிராயமாகவே நின்றுவிடுகிறது.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
5 மார்ச் 2024, காலை 7.20

முடியும். கோஹன் அதற்குப் பொறுமையாகச் சில தடங்களைப் பிடித்தார். ஒரு படகு கவிழ்க்கப்பட்டிருந்தால் “படகுகள் கவிழ்க்கப்பட்டன” என்று எழுதுவது ஒரு தடம். கடற்கரையோர நடன அரங்குகள் அனைத்தின் சன்னல்களும் நொறுங்கின என்று ஒரு செய்தி வந்தது. அந்த ஊரில் இருந்ததோ ஒரே நடன அரங்கு. இன்னொரு தடம், போர்க்கள நிருபர்களுக்குப் பழக்கமானது: ஒரே சம்பவத்தை வேறு வேறு சொற்களில் இரண்டு முறை எழுதினால் வாசிப்பவருக்கு இரண்டு சம்பவங்களாகத் தெரியும்.

இவற்றில் பொய் என்று நீங்கள் வழக்குப் போடக்கூடியது மிகக் குறைவு. ஒரே அரங்கு இருக்கும் ஊரில் “எல்லா அரங்குகளும்” என்பது இலக்கணத்துக்கு ஒருவகையில் சரியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் அபிப்பிராயத்தைத் தள்ளிவைத்துவிட்டு எண்ண வேண்டும். எத்தனை பெயர்கள் பன்மையில் வந்தன, அவற்றுள் எத்தனைக்கு அதே செய்தியின் உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வு காட்டப்பட்டிருக்கிறது, எத்தனை பத்திகள் நடந்ததைச் சொல்கின்றன, எத்தனை பத்திகள் நடக்கப்போவதைச் சொல்கின்றன என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். நடக்கப்போவதைச் சொல்லும் பத்திகளைத் தனியாக வையுங்கள். ஒன்றும் நடக்காத வாரயிறுதியில்கூட “எதிர்பார்த்த கலவரம் நிகழவில்லை” என்பதே தலைப்பாகி, கலவரம் என்ற சொல்லைத் தலைப்பில் ஏற்றிவிடும்.

பழைய நிருபர்
5 மார்ச் 2024, மாலை 4.30

கோலாலம்பூரில் பல ஆண்டுகள் தமிழ் நாளிதழ்களில் குற்றச் செய்தி எழுதியவன் நான். இங்கே சொல்லப்படுவதைக் கேட்டால், நாங்கள் உட்கார்ந்து திட்டமிட்டுப் பீதியை உற்பத்தி செய்தது போன்ற தோற்றம் வருகிறது. உள்ளிருந்து பார்த்தவனாக எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

மாலையில் போலீஸ் அறிக்கை வரும், அல்லது செய்தியாளர் கூட்டம் நடக்கும். பதினாறு வயதுப் பையன்கள் நால்வர் பிடிபட்டார்கள், கையில் பாராங் இருந்தது, கும்பலோடு தொடர்பு இருப்பதாக நம்பப்படுகிறது என்று அதிகாரி சொல்வார். பக்கத்தை மூடுவதற்குச் சில மணி நேரமே இருக்கும். பையனின் வீட்டுக்குப் போக நேரமில்லை. போனாலும் யாரும் பேசமாட்டார்கள். ஆகவே செய்தியில் ஒரே ஒரு குரல்தான் இருக்கும், அது போலீசின் குரல். “நம்பப்படுகிறது” என்ற சொல் உடலில் இருக்கும்; தலைப்பில் இடம் போதாமல் அது போய்விடும்.

அதைவிடப் பெரிய கோளாறு அதற்குப் பிறகு நடப்பது. அந்த நால்வரில் மூவர் விசாரணைக்குப்பின் விடுவிக்கப்பட்டால், அல்லது குற்றச்சாட்டு பொது இடத்தில் சச்சரவு என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டால், அது மாதங்கள் கழித்து ஒரு மெஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே உட்கார ஆள் இருக்காது. கைது முதல் பக்கத்தில் வந்திருக்கும். விடுதலை எந்தப் பக்கத்திலும் வந்திருக்காது. வாசகர் ஆண்டு முழுவதும் கைதுகளை மட்டுமே படித்து முடிப்பார். ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே சரியாக இருந்தும் மொத்தப் படம் கோணலாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி ஆசிரியர் குழுவில் பேசியும் இருக்கிறேன்.

பட்டர்வொர்த் அம்மா
5 மார்ச் 2024, இரவு 8.10

நீங்கள் கடற்கரையையும் பவுண்டையும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு அப்போது பதினாறு வயது. டியூஷன் முடிந்து நண்பனின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தவனைச் சாலையில் நிறுத்தி, சட்டையைத் தூக்கிப் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் சாலையோரம் உட்கார்ந்திருந்ததை யாரோ படம் எடுத்து எங்கள் குடியிருப்பின் வாட்சப் குழுவில் போட்டு, “நம் பகுதியில் கும்பல் பையன்கள், கவனம்” என்று எழுதிவிட்டார்கள். பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் அந்த வருடம் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கே போகவில்லை. படத்தைப் போட்டவர்மேல் புகார் கொடுக்க எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தப் படிவம் வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
5 மார்ச் 2024, இரவு 10.45

அம்மா, உங்கள் மகனுக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்துகிறேன். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆவது பிரிவு, குற்ற விசாரணையில் சம்பந்தப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். ஆனால் உங்கள் மகன்மீது வழக்கே இல்லை, படத்தைப் போட்டதும் ஊடகம் இல்லை. ஆகவே அந்தப் பிரிவை நம்பி நேராகப் போய் நிற்காமல், இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வழக்கறிஞரிடம் படத்தையும் அதன் கீழே எழுதியதையும் காட்டிக் கேளுங்கள். அந்தக் குறுஞ்செய்தியின் நகலை அழிக்காமல் வைத்திருங்கள்.

மாணவிக்கும் இதில் ஒன்று இருக்கிறது. பெயரும் முகமும் வெளிவரக் கூடாது என்ற சட்டம் சிறாரைக் காக்கிறது. அது இருக்கவே வேண்டும். ஆனால் பெயரில்லாத செய்தியில் ஆள் மறைந்து வகை மட்டும் மிஞ்சுகிறது: வயது, இனம், வட்டாரம், மோட்டார் சைக்கிள். அதைப் படித்தவர் தன் தெருவில் அந்த நான்கும் பொருந்தும் முதல் பையனைப் பார்க்கிறார். கிளாக்டனுக்குப் பிறகு ஸ்கூட்டருக்கும் ஒருவகை மேலங்கிக்கும் நேர்ந்தது இதுதான். அந்தப் பொருள்களே குற்றத்தின் அடையாளமாக நின்றுவிட்டன.

கெப்போங்காரன்
6 மார்ச் 2024, பிற்பகல் 1.25

விரிவுரையாளரின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் இப்போது எதிர்ப்பக்கம் நின்று கேட்கிறேன். 2013இல் அமைச்சு வெளியிட்ட எண்களை யாரும் மறுக்கவில்லையே. 49 கும்பல்கள், 40,313 உறுப்பினர்கள், அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள். நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கும் மேல். நாம் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு விழுக்காடு. இதைப் பத்திரிகை அப்படியே போட்டது. இதில் மிகை எங்கே இருக்கிறது? ஒருவேளை பீதியே நியாயமானதோ?

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
6 மார்ச் 2024, இரவு 9.30

நல்ல கேள்வி. மேற்பார்வையாளரின் கேள்வியின் உண்மையான கடினம் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் மெதுவாகப் போகிறேன்.

28,926 என்ற எண்ணை 40,313ஆல் வகுத்தால் கும்பலில் இருப்பவர்களுள் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்று வரும். அதே எண்ணை 2010 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 19 லட்சமாக இருந்த மலேசிய இந்தியர்களால் வகுத்தால், இந்தியர்களுள் நூற்றில் ஒன்றரைப் பேர் என்று வரும். இரண்டும் ஒரே எண், இரண்டும் சரி. முதல் வாக்கியத்தைப் படித்துவிட்டு ஓர் இந்தியப் பையனைப் பார்ப்பவர் அவன் கும்பலில் இருக்கப் பத்தில் ஏழு வாய்ப்பு என்று தன்னை அறியாமல் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்கு உரிய எண் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. பட்டர்வொர்த் அம்மாவின் மகனைச் சாலையோரம் உட்கார வைத்த எண்ணம், முதல் வாக்கியத்தை இரண்டாவதன் இடத்தில் வைத்துப் படித்ததிலிருந்து பிறந்தது.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் நாமும் நமக்கு வசதியான வகுத்தியை எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். 19 லட்சத்தில் குழந்தைகளும் பாட்டிகளும் அடக்கம். கும்பல் உறுப்பினர் எல்லாரும் பதினைந்துக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் என்று வைத்துக்கொண்டால், மக்கள்தொகையில் பாதி பேர் ஆண்கள், அவர்களிலும் பாதிக்கும் குறைவானோரே அந்த வயதினர்; ஆகவே ஒன்றரை என்பது ஆறைத் தாண்டிவிடும். நூற்றில் ஆறு பேர் என்பதை எந்தச் சமூகமும் சிறிது என்று ஒதுக்கக் கூடாது. எழுபத்தொன்றுக்கும் ஆறுக்கும் ஒன்றரைக்கும் இடையில் எதை எடுக்கிறீர்கள் என்பதைக் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்லிக் காரணமும் தர வேண்டும்.

இன்னொன்று. அந்தப் பட்டியல் ஆட்களின் எண்ணிக்கை. குற்றங்களின் எண்ணிக்கை அன்று. உறுப்பினர் என்று யாரை எதைக் கொண்டு குறித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் அதை வைத்து இளையோர் குற்றம் கூடியது என்றோ குறைந்தது என்றோ எழுத முடியாது.

பழைய நிருபர்
7 மார்ச் 2024, காலை 10.00

வகுத்தியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 2013ஐ நான் செய்தி அறையிலிருந்து பார்த்தவன். அந்த ஆண்டின் பதற்றம் காற்றிலிருந்து வந்ததில்லை. ஜூலை இறுதியில் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் நிறுவனர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் குண்டர் கும்பல்களை ஒடுக்கும் ஓப்ஸ் சந்தாஸ் காஸ் என்ற போலீஸ் நடவடிக்கை தொடங்கியது. பினாங்கு சுங்கை நிபோங்கில் சந்தேக நபர்கள் ஐவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதன்பின் மாத இறுதியில்தான் 49 கும்பல்களின் பட்டியல் வந்தது. மக்கள் உண்மையாகவே பயந்தார்கள். அந்தப் பயத்தைப் பீதி என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டால், பாதுகாப்புப் பணம் கட்டிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மேலும் இதில் இளையோர் எங்கே இருக்கிறார்கள்? துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பள்ளிப் பையன்கள் இல்லை. மாணவி இளையோர் குற்றம் என்று தலைப்பு வைத்துவிட்டு வளர்ந்தவர்களின் குற்றத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறார்.

செந்தூல் மாணவி
7 மார்ச் 2024, இரவு 10.20

இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. நான் வளர்ந்த அடுக்குமாடியில் கும்பலுக்குப் போன அண்ணன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வெட்டுப்பட்டு இறந்தார். அதை இல்லை என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனால் சுட்டவர்கள் முப்பது வயதுக்காரர்களாக இருக்க, அதற்கான சோதனை எங்கள் இடைநிலைப்பள்ளிக்குள் வந்ததையும் நான் பார்த்தேன். பையன்களின் முடியையும் கைக்கயிற்றையும் பார்த்தார்கள். நிருபர் ஐயா கேட்ட கேள்விக்கு என் விடை அதுதான் என்று நினைக்கிறேன்: குற்றம் ஒரு வயதில் நடந்தது, கண்காணிப்பு இன்னொரு வயதின்மேல் விழுந்தது.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
8 மார்ச் 2024, காலை 6.40

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கட்டுரையின் நடுவில் வையுங்கள். அதற்குச் சான்று தேடுங்கள். நிருபர் ஐயாவின் ஆட்சேபமும் பழமையானது, வலுவானது. வாடிங்டன் என்ற ஆய்வாளர் 1986இல் இதையே கேட்டார். பிரிட்டனில் தெருவழிப்பறி பற்றி எழுந்த அச்சத்தை ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய குழுவினரும் 1978இல் ஒழுக்கப் பீதி என்று ஆராய்ந்திருந்தார்கள். எவ்வளவு அச்சம் தகும் என்பதற்கு அளவுகோல் இல்லாதபோது, தகுதிக்கு மீறிய அச்சம் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்பது அவருடைய கேள்வி. இன்றுவரை எல்லாரும் ஏற்கும் விடை அதற்குக் கிடைக்கவில்லை.

நான் மாணவர்களுக்குச் சொல்லும் வழி, அச்சத்தின் அளவை எடைபோடுவதை விட்டுவிட்டு, சரிபார்க்கக்கூடிய ஒரு கூற்றைப் பிடித்து அதன் பயணத்தைத் தொடர்வது. மார்கேட் நகரில் 1964 மே மாத விடுமுறையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையனுக்கு 75 பவுண்டு அபராதம் விதித்தபோது, காசோலையாகத் தருகிறேன் என்று அவன் நீதிமன்றத்தில் சொன்னான். உடனே அது செய்தியாகி, இந்தப் பையன்கள் பணத்திமிர் பிடித்தவர்கள், அபராதம் இவர்களுக்கு உறைக்காது என்பதற்குச் சான்றாக நாடெங்கும் சுற்றியது. உண்மையில் அவனுக்கு வங்கிக் கணக்கே இல்லை. அதுவரை ஒரு காசோலையில்கூட அவன் கையெழுத்துப் போட்டதில்லை. அவமானத்தில் நின்ற ஒரு சிறுவன் வீறாப்பாகச் சொன்ன சொல் அது. மார்கேட்டில் தண்டனை பெற்றவர்களைப் பற்றி அப்போதே நடந்த ஓர் ஆய்வில் அவர்களின் சராசரிக் கைச்சம்பளம் வாரம் 11 பவுண்டு என்று தெரிந்தது. அதாவது அந்த அபராதம் ஏறத்தாழ ஏழு வாரச் சம்பளம். இந்தத் திருத்தம் வெளிவந்த பிறகும், ஆண்டுகள் கழித்தும் காசோலைக் கதை எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுக்கொண்டிருந்தது.

இதில் எந்த இடத்திலும் “எவ்வளவு அச்சம் தகும்” என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூற்று பொய்யென்று தெரிந்தபிறகும் நிலைத்தது என்பதைக் காட்டினாலே போதும்.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
8 மார்ச் 2024, பிற்பகல் 2.15

வகுப்பு முடிந்து வந்ததும் இன்னும் ஒன்று தோன்றியது. இரண்டும் ஒரே வகை என்ற உங்கள் முதல் வாக்கியத்தை நீக்கிவிடுங்கள். கிளாக்டனில் முதலில் பேசியது பத்திரிகை. அதன்பின் மாஜிஸ்திரேட்டுகள் பேசினார்கள், நாடாளுமன்றம் பேசியது, அதே ஆண்டில் சொத்துச் சேதத்துக்கான சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆகஸ்டில் ஹேஸ்டிங்ஸ் நகருக்கு லண்டனிலிருந்து போலீஸ்காரர்களை விமானத்தில் ஏற்றி இறக்கினார்கள். போலீஸ் கூடியதால் கைதும் கூடும், கைது கூடியது பழைய செய்தியை உறுதிப்படுத்தியது போல் தெரியும்.

2013இல் முதலில் பேசியது அமைச்சு. பத்திரிகை அதைத் திருப்பிச் சொன்னது. விசாரணையின்றித் தடுத்துவைக்க உதவிய அவசரகாலச் சட்டம் அதற்கு முன்பே காலாவதியாகியிருந்தது. அதனால் வெளிவந்தவர்களே குற்றம் பெருகக் காரணம் என்ற பேச்சு பட்டியலுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. பட்டியல் வந்த சில வாரங்களில், அக்டோபரில், குற்றத் தடுப்புச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன்படி விசாரணையின்றி இரண்டு ஆண்டு வரை தடுத்துவைக்க முடியும். இங்கே தீர்வு முதலில் தேடப்பட்டு, அதற்கான எண் பின்னர் வந்ததா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கோஹனைவிட, அதிகாரத்தில் இருப்பவர்களே ஒரு பிரச்சினைக்கு முதல் விளக்கத்தைத் தருகிறார்கள் என்று காட்டிய ஹால் குழுவினரின் ஆய்வு அதிகம் உதவும்.

கெப்போங்காரன்
8 மார்ச் 2024, இரவு 8.50

எண் பின்னர் வந்தது என்பதால் எண் தவறு என்று ஆகிவிடாதே. சட்டம் வேண்டும் என்று நினைத்தவர்கள் சரியான காரணத்துக்காகவும் நினைத்திருக்கலாம்.

ஆயர் ஈத்தாம் விரிவுரையாளர்
8 மார்ச் 2024, இரவு 9.35

இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் காலவரிசையைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்புவதன் ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில் 1995 நவம்பரில் ஜான் டிலூலியோ என்ற அரசியல் அறிஞர், ஈவிரக்கமற்ற சிறார் குற்றவாளிகளின் பெரும் தலைமுறை ஒன்று வரப்போகிறது என்று ஒரு வார இதழில் எழுதினார். மக்கள்தொகையில் பையன்கள் கூடப்போகிறார்கள், ஆகவே கொலைகளும் கூடும் என்பது கணக்கு. சிறார் வன்முறைக் கைதுகள் 1994இலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தன. பையன்கள் கூடினார்கள், வன்முறை குறைந்துகொண்டே போனது. ஆனாலும் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் சிறாரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி செய்யும் சட்டங்களை இயற்றிவிட்டன. சிறாருக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை பற்றிய வழக்கு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த முன்கணிப்பு தவறிவிட்டது என்று சொன்ன மனுவில் டிலூலியோவும் கையெழுத்திட்டிருந்தார். அதற்குள் அந்தச் சட்டங்களால் சிறைக்குப் போன பையன்கள் நடுவயதை நெருங்கியிருந்தார்கள்.

பட்டர்வொர்த் அம்மா
9 மார்ச் 2024, காலை 9.15

சட்ட உதவி மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் போட்டவர் கெட்டவர் இல்லை. அவருடைய கடையில் இருமுறை திருட்டு நடந்திருக்கிறது. நான் அவரிடம் போய்ப் பேசியபோது, “அக்கா, உங்கள் பையன் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்” என்றார். வேறு யாருடைய பையனாக இருந்தாலும் போட்டிருப்பார் என்பதுதானே அதற்குப் பொருள். அதற்கு மேல் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

செந்தூல் மாணவி
9 மார்ச் 2024, இரவு 10.55

அம்மா, உங்கள் அனுமதி இருந்தால், ஊரையும் வயதையும் மாற்றி இதைக் கட்டுரையில் சேர்க்க விரும்புகிறேன். இல்லையென்றால் சேர்க்க மாட்டேன்.

மேற்பார்வையாளருக்கு இப்போது இப்படி எழுத எண்ணியிருக்கிறேன். 2013 ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்த குண்டர் கும்பல் செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஒவ்வொன்றிலும் பிடிபட்டவரின் வயது தரப்பட்டிருக்கிறதா, எத்தனை குரல்கள் பேசுகின்றன, பன்மைக்குச் சான்று உண்டா, எத்தனை பத்தி எதிர்காலத்தைப் பற்றியது என்று குறிப்பேன். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பிடிபட்ட செய்திகளின் பங்கையும், பள்ளிகளையும் பையன்களையும் பற்றி எச்சரிக்கும் செய்திகளின் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். மிகை என்ற சொல்லை அந்த இடைவெளிக்கு மட்டுமே பயன்படுத்துவேன். இடைவெளி இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதிவிடுவேன்.

பழைய நிருபர்
10 மார்ச் 2024, காலை 8.05

அப்படிச் செய்வதானால் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போங்கள். 2013இல் வந்துகொண்டிருந்த தமிழ் நேசன், மலேசிய நண்பன், மக்கள் ஓசை ஆகியவற்றைத் தொகுதியாகக் கேளுங்கள். மலாய், ஆங்கில நாளிதழ் ஒவ்வொன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழை மட்டும் பார்த்தால் நாம் எதைத் தமிழில் எழுதாமல் விட்டோம் என்பது தெரியாது. முதல் பக்கங்களோடு நிறுத்தாமல் உள்பக்கங்களின் நீதிமன்றச் செய்திகளையும், 2014 முழுவதற்குமான தொகுதிகளையும் புரட்டுங்கள், ஏனெனில் ஆகஸ்டில் பிடிபட்டவர்களின் வழக்கு ஏதாவது முடிந்து செய்தியாகியிருந்தால் அங்கேதான் கிடைக்கும். விடுதலைச் செய்திகள் கிடைத்தால் எத்தனை என்று இங்கே எழுதுங்கள். நான் எழுதியவையும் அந்தத் தொகுதிகளில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்தே எண்ணுங்கள்.